வெள்ளி பின்னேரம் அனுப்பும் காசு எப்போது போய்ச் சேரும்? நீண்ட வார இறுதிக்கு முன் எந்த வழியைத் தேர்வது

சுன்னாகத்தில் புதிதாக ஹாட்வெயார்க் கடை திறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டையில் இருக்கும் மொத்த வியாபாரிக்கு அவர் 480,000 ரூபா அனுப்ப வேண்டும். நாள் 2025 மே 9, வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை யாழ்ப்பாணத்துக்கு லொறி புறப்படுகிறது. "காசு என் கணக்கில் விழுந்தால்தான் சாமான் ஏறும்" என்று வியாபாரி சொல்லிவிட்டார். கடைக்காரரின் கணக்கு ஒரு வங்கியில், வியாபாரியின் கணக்கு வேறொரு வங்கியில். புதனுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே, எப்படி அனுப்பினாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நாட்காட்டியைப் பாருங்கள். 10ஆம் திகதி சனி, 11 ஞாயிறு, 12 திங்கள் வெசாக் போயா, 13 செவ்வாய் வெசாக்குக்கு மறுநாள். வங்கியைப் பொறுத்தவரை இந்த நான்கும் நாளே இல்லை. வெள்ளிக்கு அடுத்த வேலை நாள் புதன்தான். வெள்ளி பின்னேரம் அனுப்பினால் ஐந்து நாள் இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் ஒரு நாள்கூட இல்லை.

ஆனால் இந்த நான்கு நாளும் எல்லா வழிகளையும் ஒரே மாதிரி அடைப்பதில்லை. ஒரு வழியில் பத்து விநாடியில் காசு போய்விடும், இன்னொன்றில் வியாழன் பின்னேரம் வரை இழுக்கும். ஏன் இந்த வேறுபாடு என்பது விளங்கிவிட்டால் வழியைத் தேர்வது கடினமில்லை.

விடுமுறை எதை நிறுத்துகிறது

இரு வேறு வங்கிகளுக்கிடையே காசு போகும்போது நோட்டுக் கட்டு எதுவும் பயணம் செய்வதில்லை. இலங்கை மத்திய வங்கியில் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வங்கியின் கணக்கில் கழித்து, வியாபாரியின் வங்கிக் கணக்கில் கூட்டினால்தான் இரண்டு வங்கிகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் தீரும். இந்தத் தீர்ப்பனவு நடப்பது வங்கி வேலை நாளில் மட்டும். போயாவோ ஞாயிறோ என்றால் மத்திய வங்கியின் அந்த ஏடு மூடியிருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வியாபாரியின் வங்கி, மத்திய வங்கியின் ஏட்டில் காசு வரும்வரை காத்திருக்குமா, அல்லது அதற்கு முன்பே தன் வாடிக்கையாளரின் கணக்கில் காசைப் போட்டுவிடுமா? காத்திருக்கும் வழி என்றால் விடுமுறை உங்களைத் தடுக்கும். காத்திராத வழி என்றால் வெசாக் அன்று இரவு பதினொரு மணிக்கும் காசு போகும்.

கட்-ஓஃப் நேரமும் இதே காரணத்தால்தான் வருகிறது. அன்றைய கொடுப்பனவுகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி, மத்திய வங்கியின் நேரத்துக்குள் அனுப்புவதற்கு வங்கிக்கு இடைவெளி வேண்டும். அதனால் "இத்தனை மணிக்குப் பிறகு வருவது நாளைய கணக்கு" என்று ஒரு கோடு போடுகிறது. பெரும்பாலும் அந்தக் கோடு கவுன்டர் மூடும் நேரத்துக்கு முன்பே விழுந்துவிடும். ஆஸ்பத்திரி வீதியில் இருக்கும் கிளை மூன்று மணிவரை திறந்திருக்கிறது என்பதால் மூன்று மணிவரை அன்றைய கணக்கு என்று நினைக்கக்கூடாது. கவுன்டரில் படிவத்தை வாங்கி முத்திரையும் குத்திக் கொடுப்பார்கள், உள்ளே அது அடுத்த வேலை நாளுக்கான கட்டில் போய் நிற்கும். ஒரே வங்கியிலும் ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு கட்-ஓஃப் உண்டு. "உங்கள் கட்-ஓஃப் எத்தனை மணி?" என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. "ஸ்லிப்ஸுக்கு எத்தனை மணி, செக்குக்கு எத்தனை மணி?" என்று பிரித்துக் கேளுங்கள். ஸ்லிப்ஸ் என்பது வேறு வங்கிக்குக் காசு அனுப்பும் சாதாரண வழி, அடுத்து வருவது அதுதான்.

கட்-ஓஃபும் விடுமுறையும் தனித்தனியாகச் சிறு தாமதங்கள். சேர்ந்து வரும்போது பெருகிவிடும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் பிந்தினால் ஒரு நாள் போகும். மே 9ஆம் திகதி பத்து நிமிடம் பிந்தினால் ஐந்து நாள் போகும்.

ஸ்லிப்ஸ்: மலிவு, ஆனால் கட்டுக்கட்டாகப் போவது

வங்கி ஆப்பில் வேறு வங்கிக்கு அனுப்பப் போனால் சிலவற்றில் SLIPS, CEFTS என்று இரண்டு தெரிவுகள் வரும். வேறு சில ஆப்புகளில் இந்தப் பெயர்கள் இல்லாமல், உடனடியாக என்றும் சாதாரணமாக என்றும் இருக்கும். சாதாரணம் என்றால் அனேகமாக ஸ்லிப்ஸ்தான்.

ஸ்லிப்ஸ் 1993 முதல் இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், மாதாந்த நிலையான கட்டளைகள் என்று தொகையாகப் போகும் கொடுப்பனவுகள் பெரும்பாலும் இதில்தான் போகின்றன. வங்கி அன்று சேர்ந்தவற்றை ஒரு கோப்பாக்கி, வங்கிகளுக்கிடையிலான கொடுப்பனவுகளைக் கையாளும் லங்காபே நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கே எல்லா வங்கிகளின் கோப்புகளும் பிரிக்கப்பட்டு உரிய வங்கிக்குப் போகும், தீர்ப்பனவு மத்திய வங்கியில் நடக்கும். வேலை நாளில் நேரத்தோடு கொடுத்தால் அன்றே போய்ச் சேரும், அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

நம் கடைக்காரரின் வங்கியில் ஸ்லிப்ஸ் கட்-ஓஃப் பிற்பகல் இரண்டு மணி என்று வைப்போம். அவர் வெள்ளி ஒன்றரைக்கு அனுப்பினால் வெள்ளியே வியாபாரியின் கணக்கில் விழும். இரண்டேகாலுக்கு அனுப்பினால் புதன்கிழமைக் கோப்பில் சேரும். புதன் அன்றும் விடிந்தவுடன் விழாது. கோப்பு போய், பிரிந்து, வியாபாரியின் வங்கி பதிந்து முடிக்கப் பகல் ஆகிவிடும். லொறியோ காலையில் புறப்படுகிறது. முக்கால் மணிநேரத்தில் சாமான் தவறுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, புதிதாக வங்கி பழகுபவர்கள் அடிக்கடி விழுவது இதில்தான். இரண்டேகாலுக்கு அழுத்தினாலும் உங்கள் கணக்கிலிருந்து காசு உடனே கழிந்துவிடலாம். எஸ்எம்எஸ்ஸும் வந்துவிடும். அதைப் படம் பிடித்து வியாபாரிக்கு அனுப்பிவிட்டு, "போட்டாச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அவர் தன் கணக்கைப் பார்த்தால் ஒன்றுமில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. கழிந்தது என்ற செய்தி உங்கள் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறது. மற்றப் பக்கம் விழுந்ததற்கு அது சாட்சியல்ல. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனை வியாபார உறவு கசந்திருக்கிறது என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

கணக்கு இலக்கத்தில் ஒரு எண் பிழைத்தால் இன்னும் இழுக்கும். புதன்கிழமைக் கோப்பில் போனது பொருந்தாமல் திருப்பப்பட்டு, பிறகுதான் உங்கள் கணக்குக்கு மீளும். அதைப் பார்த்துத் திரும்ப அனுப்புவதற்குள் வார இறுதி மறுபடி வந்துவிடும்.

செக்: இரண்டு கட்-ஓஃபைத் தாண்ட வேண்டியது

செக் எழுதினால் என்ன? வியாபாரியின் வங்கிக்கு யாழ்ப்பாணத்திலும் கிளை இருக்கிறது, அங்கேயே அவருடைய கணக்கில் வைப்பிலிடலாமே என்று கேட்கலாம்.

முன்பு செக் என்ற காகிதமே கொழும்புக்குப் போய் வரவேண்டும். 2006 மேயிலிருந்து அந்த முறை இல்லை. வைப்பிலிட்ட கிளையில் செக்கைப் படம் பிடித்து, அடியில் அச்சிட்டிருக்கும் செக் இலக்கம், நான்கு இலக்க வங்கிக் குறியீடு, மூன்று இலக்கக் கிளைக் குறியீடு, கணக்கு இலக்கம் ஆகியவற்றை வாசித்து, படத்தையும் தரவையும் லங்காபேக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வேலை நாளில் உங்கள் வங்கி அந்தப் படத்தில் கையொப்பத்தையும் திகதியையும் பார்த்து, கணக்கில் காசு இருக்கிறதா என்றும் பார்க்கும். எல்லாம் சரி என்றால் அன்று பிற்பகலில் வியாபாரி காசைப் பயன்படுத்தலாம்.

அதாவது செக்குக்கு வைப்பிலிட்ட நாளும், அதற்கு அடுத்த வேலை நாளும் தேவை. வெள்ளி கட்-ஓஃபுக்கு முன் வைப்பிலிட்டால் புதன் பிற்பகல். கட்-ஓஃபுக்குப் பின் வைப்பிலிட்டால் அது புதன்கிழமைச் செக் ஆகிவிடும், காசு வியாழன் பிற்பகல்தான். செக் பெட்டியில் சனிக்கிழமை போட்டாலும் இதே வியாழன்தான். சனிக்கிழமை திறந்திருக்கும் கிளைகள் இருக்கின்றன; கவுன்டரில் ஆள் இருப்பார், செக்கை வாங்குவார், ஆனால் அன்று செக் தீர்ப்பனவு நடப்பதில்லை. எப்படிப் பார்த்தாலும் புதன் காலை லொறியைச் செக்கால் பிடிக்க முடியாது.

செக் வாங்குபவராக இருந்தால் ஆப்பில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கணக்கைத் திறந்தால் பொதுவாக இரண்டு தொகைகள் தெரியும்: Current Balance ஒன்று, Available Balance இன்னொன்று. செக்கை வைப்பிலிட்டதும் முதலாவது கூடிவிடலாம், இரண்டாவது கூடாது. கையில் இருக்கும் காசு இரண்டாவதுதான். முதலாவதைப் பார்த்து நம்பி அடுத்தவருக்குச் செக் எழுதினால் நடப்பது இதுதான்: ஒருவர் வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்கு 300,000 ரூபாச் செக்கை வைப்பிலிடுகிறார். "புதன் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைத்து, 14ஆம் திகதி போட்ட 250,000 ரூபாச் செக்கை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார். அந்த 250,000 புதன் வைப்பிலிடப்பட்டால் வியாழன் அவருடைய வங்கிக்கு வரும். அவருடைய 300,000 தெளிவதும் அதே வியாழன் பிற்பகல். இரண்டில் எது முந்தும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பிந்தினால் செக் திரும்பும், கட்டணமும் பெயர்க்கேடும் மிச்சம். விடுமுறை குறுக்கிட்டால் நீங்கள் கொடுக்கும் செக்கின் திகதியை, உங்களுக்கு வரவேண்டிய காசு தெளியும் நாளுக்கு ஒரு முழு வேலை நாள் பின்தள்ளிப் போடுங்கள். இந்தக் கணக்கில் அது 16ஆம் திகதி.

ஆர்டிஜிஎஸ்: பெரிய தொகைக்கு

ஆர்டிஜிஎஸ் என்பது மத்திய வங்கியின் ஏட்டிலேயே ஒவ்வொரு கொடுப்பனவையும் தனித்தனியாக, அப்போதைக்கப்போதே எழுதுவது. இலங்கையில் 2003 முதல் நடக்கிறது. எழுதியது எழுதியதுதான், பின்வாங்க முடியாது. அதனால் காணி, வாகனம் போன்றவற்றுக்கு விற்பவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். ஏடு திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓடும் என்பதால் விடுமுறையில் இதற்கு வேலையே இல்லை. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு வைக்கும் கட்-ஓஃப், மத்திய வங்கி மூடும் நேரத்துக்கு நன்றாக முன்பே வந்துவிடும். கட்டணமும் மற்ற வழிகளைவிடப் பல மடங்கு அதிகம். 480,000க்கு இதை எடுப்பது வீண்செலவு. 50 இலட்சத்துக்கு மேல் ஒரே தடவையில் போகவேண்டும் என்றால் இதைவிட்டால் வேறு வழி சொல்வதற்கில்லை. அப்படிப்பட்ட தொகை என்றால் வெள்ளி பின்னேரத்தை நினைக்கவே வேண்டாம், வியாழக்கிழமை காலையில் முடித்துவிடுங்கள்.

செஃப்ட்ஸ்: விடுமுறை தெரியாத வழி, ஆனால் எல்லை தெரிந்தது

CEFTS என்று திரையில் வரும் வழி 2015இல் வந்தது. வங்கிக்காரர் பேச்சில் செஃப்ட்ஸ். இதில் உங்கள் வங்கி லங்காபே வழியாக ஒரு செய்தி அனுப்புகிறது: இந்தக் கணக்குக்கு இத்தனை ரூபா. வியாபாரியின் வங்கி கணக்கு இருக்கிறதா என்று பார்த்து, அந்த நொடியே அவருடைய கணக்கில் போட்டுவிடுகிறது. வங்கிகளுக்கிடையிலான தீர்ப்பனவு பிறகு, மத்திய வங்கி திறந்திருக்கும்போது, கூட்டிக் கழித்து நடக்கும். மேலே கேட்ட கேள்விக்கு இங்கே விடை: வியாபாரியின் வங்கி ஏட்டுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே போயா, ஞாயிறு, நள்ளிரவு எதுவும் இதற்குக் குறுக்கே வராது. கட்டணமும் சில பத்து ரூபாதான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் இதிலேயே அனுப்பிவிடலாமே? அனுப்பலாம், ஆனால் வெள்ளிக்கிழமை கவுன்டர் மூடுவதற்கு முன் இரண்டு விடயங்களைச் சரிபார்த்திருக்க வேண்டும். நீண்ட வார இறுதியில் செஃப்ட்ஸ் காலை வாருவது இந்த இரண்டிலும்தான்.

முதலாவது நாளாந்த எல்லை. செஃப்ட்ஸில் ஒரு தடவைக்கு 50 இலட்சம் ரூபா வரை போகலாம் என்பது முறைமையின் எல்லை. உங்கள் ஆப்பில் வங்கி வைத்திருக்கும் எல்லை அதைவிட மிகச் சிறியதாக இருக்கலாம். புதிய கணக்குகளுக்கு இன்னும் குறைவாக வைப்பதுண்டு. கடைக்காரரின் ஆப்பில் நாளுக்கு 200,000 என்று இருந்தால் 480,000ஐ ஒரே தடவையில் அனுப்பப் பார்க்கும்போது மறுக்கப்படும். எல்லையை உயர்த்தப் பல வங்கிகளில் கிளைக்குப் போய்ப் படிவம் கொடுக்க வேண்டும்; சனி முதல் செவ்வாய் வரை அதற்கு ஆள் கிடைக்காது. ஆனால் எல்லை நாளாந்தம் புதுப்பிக்கப்படுவது, விடுமுறை நாளும் அதற்கு ஒரு நாள்தான். வெள்ளி 190,000, சனி 200,000, ஞாயிறு 90,000 என்று மூன்று துண்டாக அனுப்பினால் ஞாயிறு அன்றே முழுத்தொகையும் சேர்ந்துவிடும். மற்ற வழிகளில் எதிரியாக நிற்கும் விடுமுறை இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது.

இரண்டாவது புதிய பெறுநர். வியாபாரியின் கணக்கை ஆப்பில் முதல் தடவையாகச் சேர்க்கும்போது, சில வங்கிகள் சேர்த்து சில மணிநேரம் கழித்தே அனுப்ப விடும். முதல் நாளில் தொகையைக் குறைத்து வைப்பதும் உண்டு. வெள்ளி காலையிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்த்ததும் 100 ரூபா மட்டும் அனுப்பி, வியாபாரியிடம் விழுந்ததா என்று கேளுங்கள். கேட்டால் போதாது, உங்கள் பெயர் அவருடைய திரையில் எப்படித் தெரிகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு துண்டு துண்டாக வருவது எல்லாம் உங்களுடையதுதான் என்று அவருக்குப் பிடிபடும். பொதுவாகக் காசு போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானிப்பது கணக்கு இலக்கம்தான். நீங்கள் தட்டச்சு செய்யும் பெயர் பிழையைத் தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பிழையான கணக்குக்குப் போன காசு பத்து விநாடியில் போய்விட்ட காசு. அதை மீட்பது மற்றவரின் சம்மதத்தையும் இரண்டு வங்கிகளின் அலுவலர்களையும் பொறுத்தது, அவர்கள் வருவது புதன்கிழமை. வேகமான வழியின் ஒரே கெடுதி இது: பிழையும் வேகமாகப் போகும்.

வங்கி ஒன்றாக இருந்தால், அல்லது கையில் நோட்டு இருந்தால்

இருவருக்கும் ஒரே வங்கியில் கணக்கு இருந்தால் மேலே சொன்ன எதற்கும் இடமில்லை. மத்திய வங்கி ஏடே தேவைப்படாது. ஒரே வங்கி தன் புத்தகத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றுகிறது. பெரும்பாலான ஆப்புகளில் எந்த நேரமும் உடனே நடக்கும். அடிக்கடி ஒரே வியாபாரிக்கு அனுப்புபவர், அவருடைய வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து வைத்திருப்பது நல்ல யோசனை.

காசு நோட்டாகக் கடையில் இருந்தால், வியாபாரியின் வங்கியுடைய காசு வைப்பு மெசினில் நேரடியாக அவருடைய கணக்குக்குப் போடலாம். மெசின் எண்ணி முடித்ததும் பொதுவாக உடனே விழும், விடுமுறையிலும். 480,000 என்றால் ஐயாயிரம் ரூபா நோட்டு 96. ஒரு தடவைக்கு இத்தனை நோட்டு, இத்தனை ரூபா என்று மெசினுக்கும் எல்லை உண்டு. மடிந்த, கிழிந்த நோட்டை அது வெளியே தள்ளும். நீண்ட விடுமுறையின் மூன்றாம் நாளில் மெசினின் பெட்டி நிரம்பி வேலை செய்யாமல் நிற்பதும் நடக்கும். ஆகவே இதைச் செவ்வாய் இரவுக்கு வைக்காமல் சனிக்கிழமை செய்யுங்கள்.

நம் கடைக்காரருக்கு எங்கள் தீர்ப்பு இதுதான்: வெள்ளி காலையில் பெறுநரைச் சேர்த்து 100 ரூபா அனுப்பிப் பார்ப்பது, எல்லை போதாவிட்டால் அன்றே கிளையில் உயர்த்துவது, முடியாவிட்டால் செஃப்ட்ஸில் மூன்று துண்டாக அனுப்புவது. ஸ்லிப்ஸை எடுப்பதென்றால் வெள்ளி கட்-ஓஃபுக்கு ஒரு மணிநேரம் முன். செக் இந்தத் தடவை வேண்டாம்.

எந்த விடுமுறை வங்கியினுடையது

இலங்கையில் விடுமுறை மூன்று வகை: பொது, வங்கி, வர்த்தக. போயாவில் மூன்றும் சேர்ந்தே வரும்; மாதம் ஒன்று என்று வருடத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ. சிக்கல் வருவது மூன்றும் சேராத நாட்களில். தீபாவளியும் மகா சிவராத்திரியும் பெரிய வெள்ளியும் வங்கி விடுமுறை, ஆனால் வர்த்தக விடுமுறை அல்ல. 2025 தீபாவளி ஒக்டோபர் 20, திங்கள். அன்று கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணக்காளர் வழமைபோல வேலைக்கு வந்து, வெள்ளி பின்னேரம் நீங்கள் ஸ்லிப்ஸில் அனுப்பியதைத் தேடுவார். அது செவ்வாய்தான் வரும். முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மறுபக்கமும் உண்டு. நல்லூர்த் தேரன்று யாழ்ப்பாணம் முழுதும் கோயிலில்தான் நிற்கும், ஆனால் நாடு முழுவதற்குமான வங்கி விடுமுறைப் பட்டியலில் அந்த நாள் இல்லை. செக் தெளியும், தவணை கழியும். அன்று கழியவேண்டிய கடன் தவணைக்குக் கணக்கில் காசு இருக்கவேண்டும்.

தவணை, கடனட்டை போன்றவற்றின் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால், "விடுமுறைதானே, அடுத்த நாள் கட்டலாம்" என்று நினைப்பது எல்லா வங்கியிலும் செல்லாது. கணக்கில் காசு விழுவது ஒன்று, கடனட்டையில் அது பதியப்படுவது இன்னொன்று. பதிவு அடுத்த வேலை நாள்வரை பிந்தலாம். கடைசி நாளுக்கு முந்தைய வேலை நாளைக் கடைசி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசு

ரொறன்ரோவிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இரண்டு நாட்டு விடுமுறையும் பொருந்தும். டொலராக வந்தால் இடையில் அமெரிக்க வங்கியொன்று நிற்பது வழமை, அந்த நாட்டு விடுமுறையும் சேரும். அதைவிடப் பலர் மறப்பது நேர வித்தியாசம். மே மாதத்தில் ரொறன்ரோவைவிட யாழ்ப்பாணம் ஒன்பதரை மணிநேரம் முன்னே இருக்கிறது. மே 9 வெள்ளி அங்கே காலை பத்து மணிக்கு மாமா வங்கியில் நிற்கும்போது இங்கே இரவு ஏழரை. அவருக்கு அது வெள்ளி காலை, உங்கள் வங்கிக்கு வெள்ளி முடிந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இங்கே முதலில் கையில் எடுப்பது புதன். அடுத்த இரு வாரங்களிலும் தடை உண்டு: 19ஆம் திகதி திங்கள் கனடாவில் விடுமுறை, 26ஆம் திகதி திங்கள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் விடுமுறை.

காசு அனுப்பும் நிறுவனங்கள் வழியாக அனுப்பினால் பல சந்தர்ப்பங்களில் இங்கே கணக்கில் விழுவது உடனடி வழியில் என்பதால் போயாவிலும் வரலாம். ஆனால் நாணய மாற்று வீதத்தில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் வித்தியாசத்தைப் பாருங்கள். அவசரமில்லாத பெரிய தொகை என்றால் வங்கி வழி, கலியாண மண்டபத்துக்கு நாளை கட்டவேண்டிய முற்பணம் என்றால் அந்த நிறுவனங்கள். வங்கி வழியில் அனுப்பச் சொல்வதென்றால் மாமாவைப் புதன்கிழமை போகச் சொல்லுங்கள். வியாழனும் வெள்ளியும் மூன்று நாடுகளுக்கும் வேலை நாளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காசு கழிந்தது, விழவில்லை என்றால்

முதலில் எந்த வழியில் போனது என்று பாருங்கள். ஆப்பின் பரிமாற்ற வரலாற்றில் வழியின் பெயரும் ஒரு குறிப்பு இலக்கமும் இருக்கும். SLIPS என்றிருந்து, அனுப்பியது கட்-ஓஃபுக்குப் பிறகு என்றால் அது தொலையவில்லை, வரிசையில் நிற்கிறது. அதே தொகையைப் பதற்றத்தில் திரும்ப அனுப்பினால் புதன்கிழமை இரண்டும் போய்ச் சேரும். CEFTS என்றிருந்து, சில நிமிடங்களுக்குப் பிறகும் விழவில்லை என்றால் அது வழமையல்ல. இடையில் தொடர்பு அறுந்திருக்கலாம். பெரும்பாலும் காசு தானாகவே உங்கள் கணக்குக்கு மீளும். மீளவில்லை என்றால் வங்கியின் இருபத்துநான்கு மணிநேரத் தொலைபேசிக்கு எடுத்து, குறிப்பு இலக்கம், திகதி, நேரம், தொகை, பெறுநரின் வங்கி ஆகியவற்றைச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை வாங்கிவிடுங்கள். தேடிப் பார்ப்பவர்கள் வேலை நாளில்தான் தேடுவார்கள், ஆனால் சனிக்கிழமையே பதிந்த முறைப்பாடு புதன் காலை வரிசையில் முன்னுக்கு நிற்கும். பெறுநரிடமும் அதே குறிப்பு இலக்கத்தைக் கொடுங்கள். அவருடைய வங்கி தன் பக்கத்தில் தேட அது வேண்டும்.